மந்த நேரத் தள்ளுபடி

மந்த நேரத் தள்ளுபடி என்பது வாடிக்கையாளர் வரத்து குறைந்த நாள்களிலும் மணிகளிலும் மட்டும் ஒரு சேவையைக் குறைந்த கட்டணத்தில் அளிக்கும் முறையாகும். அழகு நிலையம், முடிதிருத்தகம், திரையரங்கு, உணவகம், விளையாட்டுத் திடல், பல் மருத்துவமனை என நேரத்தை விற்கும் தொழில்களில் இது வழக்கில் உள்ளது. வாடிக்கையாளர் தாம் வழக்கமாகச் செலவழிக்கும் பணத்தைத் தள்ளிப்போட்டு, அடுத்த சலுகைக்காகக் காத்திருக்கப் பழகாத வகையில் இதை அமைப்பதே இம்முறையின் கடினமான பகுதி. மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் நடுத்தர அளவிலான பெண்கள் அழகு நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது. எடுத்துக்காட்டில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை.

காலி நேரம் ஏன் தனிச் சரக்கு?

துணிக்கடையில் இன்று விற்காத புடவையை நாளை விற்கலாம். புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்குக் காலியாக இருந்த இருக்கையை வியாழக்கிழமை விற்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் அப்போதே அழிந்துவிடுகிறது. ஆனால் அந்த மணிக்கான வாடகையும் பணியாளர் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் கூடுதலாக ஆகும் செலவு பொருள்களுக்கும் பணியாளரின் ஊக்கத்தொகைக்கும் மட்டுமே. எனவே வழக்கமான விலையைவிடக் குறைவாக வாங்கினாலும் அந்த மணியில் ஏதேனும் மிஞ்சும்.

இந்தக் கணக்கு சரியானதே. ஆனால் இதை மட்டும் பார்த்துத் தள்ளுபடி கொடுப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். குறைந்த விலை காலி இருக்கைக்குப் புதிதாக வருபவருக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. முழு விலை கொடுத்து ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவருக்கும் அது கிடைக்கிறது. தள்ளுபடியின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது.

காத்திருப்பும் இடமாற்றமும்

தள்ளுபடியைக் கண்ட வாடிக்கையாளர் இரண்டு வகையாக நடந்துகொள்ளலாம். முதலாவது இடமாற்றம்: சனிக்கிழமை வரவேண்டியவர் புதன்கிழமை வருகிறார். இரண்டாவது காத்திருப்பு: இந்த மாதம் வரவேண்டியவர், சலுகை வரட்டும் என்று அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கிறார். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டும் விளைவில் வேறானவை.

மாதம் ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு 12 முறை, ஃபேஷியல் செய்துகொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் புதன்கிழமைக்கு மாறினாலும் 12 முறை வருகிறார். அதே நபர் சலுகைக்குக் காத்திருந்து 45 நாள்களுக்கு ஒருமுறை வரத் தொடங்கினால், ஆண்டுக்கு 8 முறைதான் வருவார். அதுவும் குறைந்த விலையில். விடுபட்ட 4 வருகைகளைப் பின்னர் ஈடுகட்டவும் முடியாது. இந்த மாதம் செய்யாத ஃபேஷியலை அடுத்த மாதம் சேர்த்து இரண்டு முறை யாரும் செய்துகொள்வதில்லை.

இவ்விரண்டில் எது நடக்கும் என்பதைத் தள்ளுபடியின் அளவைவிட அது வரும் முறையே தீர்மானிக்கிறது. கூட்டம் இல்லாத நாளில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இன்று மட்டும் பாதி விலை" என்று போடும் நிலையத்தைப் பார்ப்போம். அதைப் பார்க்கும் வாடிக்கையாளர், ஒரே வேலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலைகள் உண்டு என்றும், குறைந்த விலை எப்போது வரும் என்று தெரியாது என்றும், ஆனால் எப்படியும் வரும் என்றும் அறிந்துகொள்கிறார். காத்திருப்பதே அவருக்கு அறிவாளித்தனமாகிறது. மாறாக, ஒவ்வொரு புதன்கிழமையும் பிற்பகல் விலை குறைவு என்பது விலைப்பலகையிலேயே எழுதியிருந்தால் காத்திருப்பதற்கு எதுவும் இல்லை. அதிகம் போனால் அடுத்த புதன்கிழமை வரை பொறுக்கலாம்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழ்நாட்டிலேயே பழகிய எடுத்துக்காட்டு ஆடித் தள்ளுபடி. ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை என்பதால் துணிக்கடைகளில் கூட்டம் குறையும். அந்த மந்தத்தைப் போக்கத் தள்ளுபடி வந்தது. இன்று ஆடியே ஒரு விற்பனைப் பருவமாகிவிட்டது. ஆனி மாதத்தில் துணி எடுக்க நினைப்பவர் "ஆடி வரட்டும்" என்று பொறுத்துக்கொள்கிறார். பெரிய கடை இதைத் தாங்கும், ஏனெனில் ஆனியில் விற்காத துணி ஆடியில் விற்கும். நேரத்தை விற்பவருக்கு அந்த வசதி இல்லை.

இப்படிப் பழகிய வாடிக்கையாளரை மீண்டும் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் ஜே.சி.பென்னி அங்காடிகள் சான்று. அடிக்கடி கூப்பனும் தள்ளுபடியும் கொடுத்துவந்த அந்நிறுவனம் 2012இல் அவற்றைக் கைவிட்டு, எப்போதும் ஒரே குறைந்த விலை என்ற முறைக்கு மாறியது. அந்த நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த தலைமைச் செயல் அலுவலர் ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் பதவி இழந்தார். கூப்பன்களும் திரும்பி வந்தன.

விலை வேலி

ஒரே சேவைக்கு இரண்டு விலைகள் இருக்கும்போது, முழு விலை கொடுக்கக்கூடியவர் குறைந்த விலைப் பக்கம் எளிதில் தாண்டிவிடாமல் தடுக்கும் நிபந்தனையை விலை வேலி எனலாம். அமெரிக்க விமான நிறுவனங்கள் குறைந்த கட்டணச் சீட்டுக்குச் "சனிக்கிழமை இரவு அங்கே தங்கியாக வேண்டும்" என்ற நிபந்தனையை நெடுங்காலம் வைத்திருந்தன. அலுவலக வேலையாகச் செல்பவர் வார இறுதியில் வீடு திரும்ப விரும்புவார். சுற்றுலா செல்பவருக்கு அது தடையே அல்ல. யாரிடமும் எதையும் கேட்காமலே அந்த நிபந்தனை இருவரையும் பிரித்தது.

அழகு நிலையத்தில் நேரமே வேலி. வேலைக்குச் செல்லும் பெண் புதன்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வர முடியாது. கல்லூரி மாணவி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண், ஓய்வு பெற்றவர், இரவுப் பணி செய்யும் செவிலியர் ஆகியோர் வர முடியும். வேலி உறுதியாக நிற்க மூன்று பண்புகள் தேவை. அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். எப்போதும் மாறாமல் இருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தில்லி மெட்ரோ 2017இல் ஸ்மார்ட் அட்டைப் பயணிகளுக்கு நெரிசலற்ற மணிகளில் அளிக்கத் தொடங்கிய 10 விழுக்காடு கூடுதல் தள்ளுபடி இத்தகையது. அதற்காக யாரும் பயணத்தை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைப்பதில்லை; நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர் மாற்றிக்கொள்கிறார்.

பெயரும் இதில் பங்கு வகிக்கிறது. "சிறப்புச் சலுகை", "அதிரடி ஆஃபர்" என்ற சொற்கள், வழக்கமான விலை வேறு, இது தற்காலிகம் என்று சொல்கின்றன. "பகல் கட்டணம்: திங்கள் முதல் வியாழன் வரை, 12 மணி முதல் 4 மணி வரை" என்று எழுதினால் அது பேருந்துக் கட்டணம் போல ஒரு விலையாகிவிடுகிறது. அப்போது சனிக்கிழமையின் விலை கூடுதலாகவோ புதன்கிழமையின் விலை மலிவாகவோ மனத்தில் படுவதில்லை. இரண்டும் இரண்டு நேரங்களின் விலைகளாகவே நிற்கின்றன.

முதல் படி: காலி நேரத்தை அளத்தல்

எந்த மணி காலி என்பது உரிமையாளருக்குத் தெரியும் என்று தோன்றினாலும், எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் வேறு படம் கிடைக்கும். நான்கு வாரங்களுக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை இருக்கைகளில் ஆள் இருந்தார்கள் என்று குறித்தால் போதும். முகூர்த்த நாள்களையும் பண்டிகைக்கு முந்தைய நாள்களையும் தனியே வட்டமிட வேண்டும். அவற்றைச் சேர்த்தால் சராசரி தவறாகும். முழு விலைக்கு வந்தும் இடமில்லாமல் திரும்பியவர்களையும் குறிக்க வேண்டும். வார இறுதியில் அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது பின்வரும் கணக்குக்கு இன்றியமையாதது.

காலியாக இருப்பதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். செவ்வாயிலும் வெள்ளியிலும் முடி வெட்டுவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்நாள்களில் முடிவெட்டுக்கு எவ்வளவு குறைத்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். அங்கே தள்ளுபடி கொடுத்தால் எப்படியும் வருபவருக்கே அது போகும். ஆனால் செவ்வாய் பிற்பகல் ஃபேஷியலுக்கு அந்தத் தடை இல்லை. விலை தடையாக இருக்கும் இடத்தில் மட்டுமே விலைக்குறைப்பு வேலை செய்யும்.

கணக்கிட்டுப் பார்த்தல்

எடுத்துக்காட்டு நிலையத்தில் 3 இருக்கைகள், 3 பணியாளர்கள். திங்கள் முதல் வியாழன் வரை 12 மணி முதல் 4 மணி வரை மந்த நேரம். 3 இருக்கைகள், 4 மணி நேரம், 4 நாள்கள். மொத்தம் வாரத்திற்கு 48 இருக்கை மணிகள். அதில் 12 நிரம்புகின்றன, 36 காலி. கணக்கு எளிதாக இருக்க, எல்லாம் ஒரு மணி நேரப் பழ ஃபேஷியல் என்று கொள்வோம்.

அதன் விலை 800 ரூபாய். பொருள் செலவு 150, பணியாளரின் ஊக்கத்தொகை 80. மிஞ்சுவது 570. பகல் கட்டணத்தை 600 ரூபாய் ஆக்கி, பணியாளருக்கு அதே 80 ரூபாயைக் கொடுத்தால் மிஞ்சுவது 370. ஊக்கத்தொகையைக் குறைக்காமல் வைப்பதற்குக் காரணம் உண்டு. குறைந்த விலை வேலைக்குக் குறைந்த ஊக்கத்தொகை என்றால் பணியாளர் பகல் வாடிக்கையாளரை விரும்பமாட்டார். வேலையில் அவசரம் தெரியும்.

இனி, ஏற்கெனவே மந்த நேரத்தில் வரும் 12 பேரும் இனி 200 ரூபாய் குறைவாகக் கொடுப்பார்கள். வாரத்திற்கு 2,400 ரூபாய் இழப்பு. புதிதாக வரும் ஒருவரால் 370 கிடைக்கும். 2,400ஐ 370ஆல் வகுத்தால் 6.5 வருகிறது. அதாவது வாரத்திற்கு 7 புதியவர்கள் வந்தால்தான் பழைய நிலைக்கே திரும்ப முடியும். எட்டாவது நபரிலிருந்துதான் முழு ஆதாயம். 4 பேர் வந்து இருக்கைகள் முன்பைவிட நிரம்பித் தெரிந்தாலும், உண்மையில் வாரத்திற்கு 920 ரூபாய் நட்டம்.

அடுத்து, சனி, ஞாயிறு வரும் வாடிக்கையாளரில் 6 பேர் பகல் கட்டணத்திற்கு மாறுகிறார்கள் என்போம். இழப்பு மேலும் 1,200. ஆகத் தேவைப்படும் புதியவர்கள் 10 பேர். ஆனால் வார இறுதியில் இடமில்லாமல் திரும்பிப் போகிறவர்கள் இருந்தால் கணக்கு தலைகீழாகும். மாறிப்போனவரால் 200 ரூபாய் குறைந்தாலும், அவர் விட்ட சனிக்கிழமை இருக்கையில் முழு விலைக்கு ஒருவர் அமர்ந்தால் 570 கிடைக்கும். நிகரமாக 370 ஆதாயம். இதனால்தான் திரும்பியவர்களின் எண்ணிக்கையை முன்பே குறிக்கச் சொன்னது. வார இறுதியில் நெரிசல் இருக்கும் நிலையத்திற்கு இடமாற்றம் நன்மை. வார இறுதியிலும் இடம் மிஞ்சும் நிலையத்திற்கு அது வெறும் இழப்பு.

விலையைத் தொடாமல் கூட்டிக் கொடுத்தல்

மந்த நேரத்தில் நிலையத்திடம் மிகுதியாக இருப்பது பணியாளரின் நேரம். அதைக் கொடுத்தால் செலவு குறைவு. விலையை 800 ரூபாயாகவே வைத்து, பகல் நேரத்தில் ஃபேஷியலுடன் 15 நிமிட எண்ணெய்த் தலை மசாஜையும் சேர்த்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணெய்க்கும் துண்டு துவைப்பதற்கும் 40 ரூபாய் ஆகும் என்போம். பழைய 12 பேரால் ஆகும் இழப்பு 480 ரூபாய் மட்டுமே. புதியவர் ஒருவரால் மிஞ்சுவது 530. வாரத்திற்கு ஒரே ஒருவர் புதிதாக வந்தாலே இழப்பு ஈடாகிவிடும்.

இதன் பெரிய நன்மை, ஃபேஷியலின் விலை 800 என்பது வாடிக்கையாளரின் மனத்தில் அசையாமல் இருப்பது. நாளை இந்தக் கூடுதலை நிறுத்தினாலும் விலை ஏறியதாக யாரும் நினைக்கமாட்டார்கள். குறையும் உண்டு. 800 ரூபாய் தர முடியாத கல்லூரி மாணவியை இலவச மசாஜ் வரவழைக்காது. ஆகவே ஏற்கெனவே வரக்கூடியவரை நேரம் மாற்றி வரச்செய்யக் கூட்டிக் கொடுத்தலும், விலையால் வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கப் பகல் கட்டணமும் பொருந்தும். முதலாவதைச் செய்துபார்த்து, போதாவிட்டால் இரண்டாவதற்குச் செல்வது இழப்பு குறைந்த வழி.

வேலி உடையும் இடங்கள்

நடைமுறையில் வேலி பெரும்பாலும் உரிமையாளரின் கையாலேயே உடைகிறது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் சனிக்கிழமை வந்து, "அக்கா, புதன்கிழமை விலையையே போடுங்களேன்" என்கிறார். முகம் பார்த்து ஒருமுறை போட்டுக் கொடுத்தால், கேட்டால் கிடைக்கும் என்ற செய்தி அவரது தெரு முழுவதும் போய்விடும். "அது பகல் நேர விலைங்க, புதன்கிழமை வாங்க, உங்களுக்கு இப்பவே நேரம் எழுதி வைக்கிறேன்" என்பது மறுப்பாகவும் இருக்கும், காலி மணி ஒன்றையும் நிரப்பும்.

இரண்டாவது, எல்லை மணி. 4 மணி வரை என்று எழுதினால் 3.55க்கு வருபவர் உண்டு. அவரது வேலை 5 மணி வரை நீண்டு, முழு விலைக்கு வருபவரைக் காக்க வைக்கும். எனவே "3 மணிக்குள் தொடங்கும் வேலைகளுக்கு" என்று தொடங்கும் நேரத்தைக் கொண்டு எல்லை வகுக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லா வேலைகளையும் சேர்த்துவிடுவது. புருவம் திருத்துவது சில நிமிட வேலை. தேவைப்படும் அன்றே வந்து செய்துகொள்வார்கள். அதில் விலை குறைத்தால் புதிய வரத்து அதிகம் இராது. மணப்பெண் அலங்காரம் முகூர்த்தத்தைப் பொறுத்தது. விலை அதன் நாளை மாற்றாது. நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, நீண்ட நேரம் பிடிக்கும் வேலைகளான ஃபேஷியல், ஹேர் ஸ்பா, பெடிக்யூர் போன்றவையே பகல் கட்டணத்திற்கு ஏற்றவை.

பழக்கம் மாறுகிறதா என்று அறிதல்

தொடங்கி மூன்று மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் பதிவேட்டிலிருந்து இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, பகல் கட்டணத்தில் வந்தவர்களில் புதியவர் எத்தனை பேர், முன்பே வந்துகொண்டிருந்தவர் எத்தனை பேர் என்பது. கைப்பேசி எண்ணை எழுதி வைக்கும் நிலையத்தில் இதைப் பிரிப்பது எளிது. இந்த எண்களை மேலே கண்ட கணக்கில் இட்டால் ஆதாயமா நட்டமா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, பழைய வாடிக்கையாளரின் வருகை இடைவெளி. வழக்கமாக வரும் 20 பேரை எடுத்து, ஒவ்வொருவரின் கடைசி மூன்று வருகைகளுக்கு இடையே எத்தனை நாள்கள் என்று, தள்ளுபடிக்கு முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டும். முன்பு 30 நாள், இப்போதும் 30 நாள், ஆனால் கிழமை மாறியிருக்கிறது என்றால் அது இடமாற்றம். 30 நாள் 40 ஆகியிருந்தால் காத்திருப்பு தொடங்கிவிட்டது. மொத்த வசூல் இதை உடனே காட்டாது. புதியவர்களின் பணம் பழையவர்களின் தளர்ச்சியைச் சில மாதங்கள் மறைத்துவிடும். இடைவெளிதான் முதலில் அசையும். தொலைபேசியில் "இப்போ ஏதாவது ஆஃபர் இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடுவதும் அதே அறிகுறி.

எல்லைகள்

36 காலி மணிகளையும் நிரப்புவது இம்முறையின் நோக்கமன்று. 12 பேர் புதிதாக வந்தால் 24 மணிகள் காலியாகவே இருக்கும்; ஆனால் அது ஆதாயமான நிலை. மீதியையும் நிரப்ப விலையை இன்னும் இறக்கினால், ஏற்கெனவே வந்துவிட்ட 24 பேருக்கும் அந்தக் குறைப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். விலை 450 ரூபாய் ஆனால் ஒருவரால் மிஞ்சுவது 220தான். 24 பேரால் முன்பு கிடைத்த 8,880 ரூபாயை அந்த விலையில் எட்ட 41 பேர் வர வேண்டும்.

சில மணிகளில் எந்த விலைக்கும் ஆள் வரமாட்டார்கள். அங்கே செய்ய வேண்டியது செலவைக் குறைப்பது. வாரநாள் பகலில் மூவருக்குப் பதிலாக இருவரை வைத்து, மூன்றாமவரை மாலைக்கும் வார இறுதிக்கும் மாற்றலாம். பொருள் கணக்கு, துண்டு துவைத்தல், புதிய பணியாளருக்குப் பயிற்சி ஆகியவற்றை அந்த மணிகளில் வைத்தால், நெரிசல் நேரத்தில் ஓர் இருக்கை கூடுதலாகக் கிடைக்கும். அந்த இருக்கை முழு விலைக்கு விற்கும்.

பகல் கட்டணத்தை நிறுத்த நேர்ந்தால், நாளையும் காரணத்தையும் முன்கூட்டியே பலகையில் எழுதி ஒருமுறையாக நிறுத்துவது நல்லது. நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாக இருந்தால், நிலையான விலையாகத் தொடங்கியது மீண்டும் எப்போது வரும் என்று தெரியாத சலுகையாகிவிடும். வாடிக்கையாளரும் அதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.